அடைப்புக்குறிக்குள் ஓடும் அலை

2004 டிசம்பர் 26 அன்று, இந்திய நேரப்படி காலை 6.30 மணிக்குச் சற்று முன்பு, சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தரை பிளந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத் தாய்லாந்தின் புக்கெட் கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. வெறும் மணலும் பாறையும் தெரிந்தன. அதற்குப் பிறகுதான் நீர் சீறிக்கொண்டு திரும்பியது. இலங்கையின் கிழக்குக் கரையிலும் தமிழகக் கரையிலும் வரிசை தலைகீழாக இருந்தது: அங்கே முதலில் வந்ததே நீரேற்றம்தான். பின்வாங்கல் அதற்குப் பிறகு நிகழ்ந்தது. கிழக்கே நின்றவர்களுக்குக் கடல் ஒரு முன்னறிவிப்புத் தந்தது. மேற்கே நின்றவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஒரே நிலநடுக்கம் இரு திசைகளில் இப்படி எதிரெதிராக நடந்துகொண்டது ஏன்? விடை ஓர் அலைச் சமன்பாட்டின் அடைப்புக்குறிக்குள், x என்ற இடத்துக்கும் t என்ற நேரத்துக்கும் நடுவே நிற்கும் ஒற்றைக் குறியில் இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பாடநூலில் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் அதே கூட்டல், கழித்தல் குறிதான் அது.

1747இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ழான் தலம்பேர், இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை ஆராய்ந்தபோது ஒரு முடிவுக்கு வந்தார். கம்பியின் எந்த அசைவையும் இரண்டு உருவங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். ஒன்று (x − vt) என்ற கோவையை மட்டும் சார்ந்தது. மற்றது (x + vt) என்ற கோவையை மட்டும் சார்ந்தது.

y = f(x − vt) + g(x + vt)

f, g ஆகியவை எந்த வடிவமாகவும் இருக்கலாம். சைன் வளைவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒற்றை மேடாகவோ, ஒரு மேடும் ஒரு பள்ளமுமாகவோ இருக்கலாம். வடிவத்தைச் சொல்வது f என்ற எழுத்து. அந்த வடிவம் எங்கே, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைச் சொல்வது அடைப்புக்குறிக்குள் இருக்கும் கோவை. இந்த வேலைப் பிரிவினையை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி தூரம் கடந்தாயிற்று.

இனி, திசை. (x − vt) என்று கழித்தல் குறி வந்தால் அலை இடப்பக்கம் போகும் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. எண்கோட்டில் கழித்தல் என்றால் இடப்பக்கம் என்று பழகிய கண்ணுக்கு அது இயல்பே. ஆனால் உண்மை நேரெதிர். அலையின் முகடு, கோவையின் மதிப்பு 0 ஆகும் இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். t = 0 என்ற நொடியில் x − vt = 0 ஆக வேண்டுமென்றால் x = 0. ஒரு நொடி கழிகிறது. இப்போது கோவையிலிருந்து v கழிக்கப்படுகிறது. அது மறுபடி 0 ஆக வேண்டுமென்றால் x கூடித்தான் ஆக வேண்டும். சரியாக v அளவு கூட வேண்டும். ஆகவே முகடு இப்போது x = v என்ற இடத்தில், அதாவது வலப்பக்கத்தில் இருக்கிறது. நேரம் எதைக் குறைக்கிறதோ அதை இடம் ஈடுசெய்கிறது. (x + vt) என்று இருந்தால் நேரம் கோவையைக் கூட்டுகிறது. ஈடுசெய்ய x குறைய வேண்டும். அலை இடப்பக்கம் நகர்கிறது.

கோவையின் மதிப்பை மாறாமல் பிடித்துவைத்துக்கொண்டு, நேரம் ஓடும்போது x எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் முறை. சூத்திரம் மறந்துபோனாலும் இந்த ஒன்று கையில் இருந்தால் எந்தச் சமன்பாட்டையும் படித்துவிடலாம்.

மறுபடி கடலுக்கு வருவோம். அந்த உடைவு வடக்கு தெற்காக ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீண்டது. உடைந்த பட்டையின் மேற்குப் பக்கத்தில் கடற்தரை உயர்ந்தது. கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. மேலே இருந்த நீரும் அதே உருவத்தை எடுத்துக்கொண்டது: மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். கிழக்கை நோக்கி x கூடுவதாகக் கொண்டு, இந்தத் தொடக்க உருவத்தை F(x) என்று எழுதலாம். நீர் அப்போது பெரிதாக எந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. தலம்பேரின் தீர்வு இந்த நிலைமைக்குத் தரும் விடை மிக எளிது:

y = ½F(x − vt) + ½F(x + vt)

உருவம் இரண்டாகப் பிரிகிறது. உயரம் பாதியாகிறது; ஆனால் மேற்கே மேடும் கிழக்கே பள்ளமும் என்ற அமைப்பு இரண்டு பாதிகளிலும் அப்படியே இருக்கிறது. முதல் பாதி கிழக்கே தாய்லாந்தை நோக்கி ஓடுகிறது. அதன் முன்விளிம்பு கிழக்கு விளிம்பு, அங்கே இருப்பது பள்ளம். ஆகவே அந்தக் கரையில் முதலில் கடல் உள்வாங்குகிறது. இரண்டாம் பாதி மேற்கே இலங்கையையும் தமிழகத்தையும் நோக்கி ஓடுகிறது. அதன் முன்விளிம்பு மேற்கு விளிம்பு, அங்கே இருப்பது மேடு. ஆகவே அங்கே முதலில் நீர் ஏறுகிறது. F இரண்டுக்கும் பொது. மாறியது அடைப்புக்குறிக்குள் இருந்த குறி மட்டுமே.

உண்மைக் கடல் ஒரு நேர்கோடு அல்ல. ஆழமும் எங்கும் ஒன்றல்ல. அந்தமான் கடலின் கிழக்குப் பகுதி ஆழம் குறைந்தது என்பதால்தான், இலங்கையைவிட மிக அருகில் இருந்தும் புக்கெட்டுக்கு அலை போய்ச் சேர ஏறக்குறைய அதே நேரம் பிடித்தது. ஆனாலும் எது முதலில் வரும் என்ற கேள்விக்கு இந்த ஒற்றைப் பரிமாணக் கணக்கே சரியான விடையைத் தந்துவிடுகிறது.

இதுவரை திசையைப் பார்த்தோம். அலைநீளத்தையும் வேகத்தையும் எண்களோடு படிக்க ஒரு குறிப்பிட்ட சமன்பாடு வேண்டும். வங்காள விரிகுடாவின் நடுவே மேற்கு நோக்கிப் போன அந்த அலையைத் தோராயமாக ஒரு சைன் அலையாக எடுத்துக்கொள்ளலாம். x, y இரண்டும் மீட்டரில், t நொடியில்:

y = 0.3 sin(1.46×10⁻⁵ x + 2.89×10⁻³ t)

முன்னால் நிற்கும் 0.3 என்பது வீச்சு: அமைதி நிலையிலிருந்து 30 செ.மீ. மேலே, 30 செ.மீ. கீழே. அது அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதால் ஓட்டத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உள்ளே x-ஐப் பெருக்கும் எண் கோண அலை எண், k. ஒவ்வொரு மீட்டருக்கும் கட்டம் எத்தனை ரேடியன் மாறுகிறது என்பதே அதன் பொருள். சைன் வளைவு 2π ரேடியனுக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் செய்கிறது. ஆகவே 2π ரேடியன் சேர எத்தனை மீட்டர் போக வேண்டுமோ, அதுவே அலைநீளம்:

λ = 2π/k = 6.283 ÷ (1.46×10⁻⁵) ≈ 4,30,000 மீட்டர்

அதாவது 430 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைவரை நீளும் தொலைவு அளவுக்கு ஒரே ஓர் அலை. t-ஐப் பெருக்கும் எண் கோண அதிர்வெண், ω. அதே தர்க்கத்தை நேரத்துக்குப் பொருத்தினால் அலைவு நேரம் 2π/ω ≈ 2174 நொடி, சுமார் 36 நிமிடம்.

வேகத்துக்கு, கட்டத்தை மாறாமல் பிடித்துவைக்கும் அதே முறை. முகடு என்பது கட்டம் π/2, அதாவது 1.571 ஆக இருக்கும் இடம். t = 0 எனில் x = 1.571 ÷ (1.46×10⁻⁵) ≈ 1,07,600 மீட்டர். முகடு தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கே 107.6 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பத்து நிமிடம், அதாவது 600 நொடி கழித்து t-உறுப்பு மட்டுமே 1.734 ஆகிவிடுகிறது. மொத்தம் 1.571 ஆக வேண்டுமென்றால் x-உறுப்பு −0.163 ஆக வேண்டும்; அப்படியானால் x ≈ −11,200 மீட்டர். முகடு இப்போது தொடக்கப் புள்ளிக்கு மேற்கே 11.2 கி.மீ. பத்து நிமிடத்தில் மேற்காக 118.8 கி.மீ. நகர்ந்திருக்கிறது: நொடிக்கு 198 மீட்டர், மணிக்கு சுமார் 713 கி.மீ. இவ்வளவு விரிவாகச் செய்யாமல் ω/k என்று வகுத்தாலும் இதே எண் வரும். ஒருமுறையாவது விரிவாகச் செய்துபார்ப்பது நல்லது. ω/k ஏன் வேகம் என்பதும், கூட்டல் குறி ஏன் மேற்கு என்பதும் அந்த ஒரே கணக்கில் தெரிந்துவிடுகின்றன.

இந்த 198 சரியான எண்தானா என்பதைச் சமன்பாட்டுக்கு வெளியிலிருந்து சோதிக்கலாம். கடலின் ஆழத்தைவிட அலைநீளம் பன்மடங்கு பெரிதாக இருக்கும்போது அலையின் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது: v = √(gh). ஆழம் 4000 மீட்டர் எனில் √(9.8 × 4000) = 198. சமன்பாடு சொன்ன வேகமும் கடலின் ஆழம் சொன்ன வேகமும் பொருந்துகின்றன.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். நொடிக்கு 198 மீட்டர் என்பது உருவத்தின் வேகம். நீரின் வேகம் அல்ல. நீர்மட்டம் எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பதற்கு வீச்சையும் கோண அதிர்வெண்ணையும் பெருக்க வேண்டும்: 0.3 × 0.00289, அதாவது நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நடுக்கடலில் இருந்த கப்பல் 18 நிமிடங்களில் 60 செ.மீ. உயர்ந்திருக்கும். வழக்கமான காற்றலைகளுக்கு இடையே அதை யாராலும் உணர முடியாது. வீச்சு இந்தக் கணக்கில் நுழைகிறது, அலையின் வேகக் கணக்கில் நுழைவதில்லை. தேர்வுத்தாள்களில் இந்த இரண்டு வேகங்களும் அடிக்கடி ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடுகின்றன.

சமன்பாடுகள் எப்போதும் இப்படி ஒழுங்காக வருவதில்லை. சில நூல்கள் sin(kx − ωt) என்று எழுதும்; சில sin(ωt − kx) என்று எழுதும். இரண்டாவதில் x-க்கு முன்னால் கழித்தல் இருக்கிறதே, அலை இடப்பக்கம் போகுமோ என்ற சந்தேகம் எழலாம். போகாது. கட்டத்தை நிலையாக வைத்துப் பார்த்தால் t கூடும்போது x-உம் கூட வேண்டியிருக்கிறது; அலை வலப்பக்கமே போகிறது. முழுக் கோவையின் குறியும் மாறியிருப்பதால் உருவம் தலைகீழாகிறது, திசை மாறவில்லை. அதேபோல sin(−kx − ωt) என்பதில் கழித்தல் குறி இரண்டு இருந்தாலும் அலை இடப்பக்கம்தான் போகும். x-இன் குறியும் t-இன் குறியும் ஒன்றாக இருந்தால் இடப்பக்கம், எதிரெதிராக இருந்தால் வலப்பக்கம்: பார்க்க வேண்டியது இந்த ஒப்பீட்டை மட்டுமே. கோவையின் கடைசியில் π/3 போன்ற ஒரு மாறிலி ஒட்டிக்கொண்டிருந்தால், அது அலை எங்கிருந்து தொடங்கியது என்பதைச் சொல்கிறதே தவிர வேகத்தையோ அலைநீளத்தையோ தொடுவதில்லை.

2π வெளியே எடுத்து எழுதப்படும் வடிவம் இன்னும் நுட்பமான பொறி. y = 5 sin 2π(0.1x − 2t) என்ற சமன்பாட்டில், x செ.மீ., t நொடி. அவசரமாகப் படிப்பவர் k = 0.1, ω = 2 என்று எடுத்துக்கொள்வார். வேகம் 2 ÷ 0.1 = 20 செ.மீ./நொடி என்று வரும். அது சரியான விடையும்கூட. 2π இரண்டு உறுப்புகளையும் பொதுவாகப் பெருக்குவதால் வகுக்கும்போது அடிபட்டுப்போகிறது. ஆனால் அவர் அலைநீளத்தை 2π/0.1 என்று போட்டு 62.8 செ.மீ. என்பார், உண்மையில் அது 10 செ.மீ. வேகம் சரியாக வந்துவிட்டதால் பிழை வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்கிறது. கிடைத்த அலைநீளத்தை x-இல் கூட்டினால் கட்டம் சரியாக 2π மாறுகிறதா என்று பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கும் வழி. 10 செ.மீ. கூட்டினால் 2π × 0.1 × 10 = 2π. 62.8 கூட்டினால் அதைவிட ஆறு மடங்குக்கும் மேல்.

பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான இன்னொரு வகை உண்டு. எடுத்துக்காட்டாக,

y = e^−(9x² + 4t² + 12xt)

இதில் சைனும் இல்லை, தெளிவான kx − ωt-உம் இல்லை. ஆனால் அடுக்கில் இருப்பது (3x + 2t) என்பதன் வர்க்கம். x-உம் t-உம் இந்த ஒரே சேர்க்கையாக மட்டுமே வருகின்றன; ஆகவே இது ஓடும் அலை. வேகம் 2/3, திசை இடப்பக்கம். அலைநீளம்? அது இதற்குக் கிடையாது. ஒற்றை மேடு ஒன்று நகர்ந்து போகிறது. திரும்பத் திரும்ப வரும் எதுவும் இதில் இல்லை. வேகமும் திசையும் கோவையின் சொத்து. அலைநீளம் கிடைக்க வேண்டுமென்றால் f தன்னையே மீண்டும் மீண்டும் சொல்லும் சார்பாக இருக்க வேண்டும். sin²(kx − ωt) என்று வந்தால் அந்தச் சார்பு 2π-க்கு ஒருமுறை அல்ல, π-க்கு ஒருமுறையே திரும்புகிறது. எனவே அலைநீளம் π/k. வேகம் மட்டும் அதே ω/k.

அடுக்கில் நடு உறுப்பு இல்லாமல் 9x² + 4t² மட்டும் இருந்தால் கதை முடிந்தது. அதை எந்த ஒற்றைச் சேர்க்கையின் வர்க்கமாகவும் எழுத முடியாது. அது எங்கும் ஓடாமல், நின்ற இடத்திலேயே எழுந்து அடங்கும் ஒரு மேடு. அதுபோலவே y = A sin kx cos ωt. இதில் k இருக்கிறது, ω இருக்கிறது, ω/k என்று வகுத்தால் ஓர் எண்ணும் வரும். ஆனால் x-உம் t-உம் தனித்தனி அடைப்புக்குறிகளில் இருப்பதால் ஒன்று மற்றதை ஈடுசெய்ய முடியாது. முகடு நகர்வதில்லை, இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. இது நிலை அலை. முக்கோணவியல் வாய்பாட்டால் விரித்தால், வலப்பக்கம் போகும் ½A sin(kx − ωt)-உம் இடப்பக்கம் போகும் ½A sin(kx + ωt)-உம் சேர்ந்தது இது என்று தெரியும். வகுத்துக் கிடைத்த எண் அந்த இரண்டின் வேகம். கண்ணுக்குத் தெரியும் கூட்டுருவத்துக்குத் திசை இல்லை.

தாளில் எழுதிய சமன்பாட்டைப் படிப்பது ஒன்று. கடலிலிருந்து வரும் அளவீட்டைப் படிப்பது வேறு. y என்பது இடம், நேரம் இரண்டையும் சார்ந்தது. ஆனால் ஒரு வரைபடத்தின் கிடை அச்சில் ஒன்றைத்தான் வைக்க முடியும். நேரத்தை நிறுத்திவிட்டு இடத்தை ஓடவிட்டால் கிடைப்பது அந்த நொடியின் படம். அதில் அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே உள்ள தூரம் அலைநீளம். இடத்தை நிறுத்திவிட்டு நேரத்தை ஓடவிட்டால் கிடைப்பது ஓர் இடத்தின் வரலாறு. அதில் முகடுகளுக்கு இடையே உள்ளது அலைவு நேரம். இரண்டும் பார்வைக்கு ஒரே சைன் வளைவாகத் தெரிவதால், அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

2004 ஆழிப்பேரலைக்கு இந்த இரண்டு வகைப் பதிவுகளும் இருக்கின்றன. துறைமுகங்களின் கடல்மட்ட மானிகள் எழுதியது இடத்தின் வரலாறு. நொடியின் படத்தை எடுத்தது, நாசாவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து அனுப்பிய ஜேசன்-1 செயற்கைக்கோள். ரேடாரால் கடல்மட்டத்தை அளக்கும் அது, நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் தற்செயலாக இந்தியப் பெருங்கடலைத் தெற்கிலிருந்து வடகிழக்காகக் கடந்தது. அதன் பாதையில், முன்னணி அலையின் உயரம் சுமார் 60 செ.மீ. என்று பதிவாகியது. அந்தத் தரவைப் பிரித்து ஆராயப் பல மணி நேரம் ஆனதால் எச்சரிக்கை தர அது பயன்படவில்லை. ஆனால் நடுக்கடலில் ஒரு பெரிய ஆழிப்பேரலை எப்படி இருக்கும் என்பதை அதன் மூலம் நேரடியாகப் பார்க்க முடிந்தது.

செயற்கைக்கோளும் நகர்ந்துகொண்டே அளக்கிறதே, அதை நொடியின் படம் என்று எப்படிச் சொல்வது? இதற்கும் கோவையே விடை தருகிறது. தரையின்மீது அதன் நிழற்பாதை நொடிக்கு ஏறத்தாழ 5.8 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. எளிமைக்காக அது அலைக்கு நேர் எதிரே, கிழக்கு நோக்கிப் பறப்பதாகக் கொள்வோம். அப்போது x = 5800t. இதை அடைப்புக்குறிக்குள் போட்டால் கட்டம் நொடிக்கு 0.0847 + 0.0029, அதாவது 0.0876 ரேடியன் மாறுகிறது. முதல் பங்கு செயற்கைக்கோளின் ஓட்டத்தால் வந்தது, இரண்டாவது அலையின் ஓட்டத்தால் வந்தது. 2π மாற 72 நொடி ஆகிறது. அதற்குள் செயற்கைக்கோள் கடப்பது சுமார் 416 கி.மீ. உண்மையான 430-ஐ அது 416 என்று படிக்கிறது. மூன்று சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட பிழை. படம் ஏறக்குறைய உறைந்த படம்தான்.

இரண்டு வகைப் பதிவுகளையும் அருகருகே வைக்கும்போது திசை இன்னொரு முறை தலைகாட்டுகிறது. மேற்கு நோக்கிய F(x + vt)-ஐ x = 0 என்ற இடத்தில் நின்று பார்த்தால் F(vt): இடத்தில் மேற்கிலிருந்து கிழக்காக என்ன வரிசையோ, நேரத்திலும் அதே வரிசை. மேடு முதலில், பள்ளம் பிறகு. கிழக்கு நோக்கிய F(x − vt)-ஐ அப்படிப் பார்த்தால் F(−vt): வரிசை இடவலமாகப் புரண்டுவிடுகிறது. பள்ளம் முதலில் வருகிறது. மானியின் வரைபடத்தை அப்படியே கடலின் உருவம் என்று எடுத்துக்கொள்பவர், தாய்லாந்துக் கரைப் பதிவில் உடைவின் எந்தப் பக்கம் உயர்ந்தது என்பதையே மாற்றிச் சொல்லிவிடுவார்.

ஒற்றை நொடியின் படத்திலிருந்து மட்டும் திசையைச் சொல்ல முடியாது. sin(kx − ωt), sin(kx + ωt) இரண்டும் t = 0 நொடியில் ஒரே படம். இன்னொரு தகவல் வேண்டும்: அந்த நொடியில் ஓர் இடத்தில் நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்தால் போதும். படத்தில் அந்த இடம் கிழக்கு நோக்கி மேலேறும் சரிவாகவும், நீர்மட்டம் உயர்ந்துகொண்டும் இருந்தால், உயரமான பகுதி கிழக்கிலிருந்து அங்கே வந்துகொண்டிருக்கிறது. அலை மேற்கு நோக்கிப் போகிறது. கணிதம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: நேரத்தைப் பொறுத்த மாறுவீதத்தை இடத்தைப் பொறுத்த சரிவால் வகுத்தால், வலப்பக்கம் போகும் அலைக்கு −v, இடப்பக்கம் போகும் அலைக்கு +v.

கரையை நெருங்கும்போது நம் சமன்பாடு தன் எல்லையைத் தொடுகிறது. ஆழம் குறையக் குறைய வேகம் குறைகிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் எத்தனை முகடுகள் வருகின்றனவோ அத்தனைதான் போக வேண்டும் என்பதால் ω மாறுவதில்லை. மாற வேண்டியது k. 40 மீட்டர் ஆழத்தில் வேகம் நொடிக்கு சுமார் 20 மீட்டர். 36 நிமிட அலைவு நேரம் அப்படியே இருக்க, 430 கி.மீ. அலை 43 கி.மீட்டராகச் சுருங்குகிறது. அதே ஆற்றல் குறுகிய நீளத்துக்குள் அடைபடுவதால் உயரம் எழுகிறது. அங்கே k என்பது ஒற்றை எண் அல்ல, இடத்துக்கு இடம் மாறுவது. ஒரே k-ஐ வைத்து முழுப் பயணத்தையும் கணக்கிட முயல்வது தவறு.

காற்று எழுப்பும் சாதாரண அலைகளில் சிக்கல் வேறு. ஆழ்கடலில் 100 மீட்டர் அலைநீளம் கொண்ட அலைக்கு ω/k நொடிக்கு சுமார் 12.5 மீட்டர். ஆனால் அத்தகைய அலைகளின் கூட்டம் ஒன்று, தன் ஆற்றலோடு, அதில் பாதி வேகத்திலேயே முன்னேறுகிறது. முகடுகள் கூட்டத்தின் பின்புறம் தோன்றி, முன்புறம் மறைகின்றன. கோவையிலிருந்து படிக்கும் வேகம் முகட்டின் வேகம். ஆற்றல் எப்போது வந்து சேரும் என்பதை ஆழிப்பேரலைபோல எல்லா நீளங்களும் ஒரே வேகத்தில் ஓடும் அலைகளில் மட்டுமே அது சொல்லும்.

கடைசியாக ஒன்று. கடற்பரப்பு இரண்டு பரிமாணம் கொண்டது. அங்கே அடைப்புக்குறிக்குள் ஒரு k போதாது. கிழக்குக்கு ஒன்று, வடக்குக்கு ஒன்று என இரண்டு கூறுகள் வேண்டும்:

y = A sin(kₓx + kᵧy′ − ωt)

இங்கே y′ என்பது வடக்கு நோக்கிய தூரம். அலை ஓடும் திசைக்கு θ கோணத்தில் சாய்ந்த ஒரு கோட்டின் வழியாக அளந்தால், அந்தக் கோட்டில் தெரியும் அலை எண் k cos θ மட்டுமே. ஆகவே அலைநீளம் λ/cos θ என நீண்டு தெரியும். 45 பாகை சாய்வில் 430 கி.மீ. அலை 608 கி.மீ. போலத் தோன்றும். ஜேசன்-1 அலையை நேருக்கு நேர் கடக்காமல் சாய்வாகக் கடந்ததால், அதன் பாதையில் அளந்த நீளத்தை அப்படியே அலைநீளம் என்று எழுத முடியாது. கரையோரம் இரண்டு மானிகளை வைத்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை முகடு வந்த நேர வேறுபாட்டால் வகுப்பவருக்கும் இதே சிக்கல்: கிடைப்பது v/cos θ, உண்மையான வேகத்தைவிட எப்போதும் அதிகம். அலை கரைக்கு நேராக வந்து, இரண்டு மானிகளிலும் ஒரே நொடியில் முகடு தெரிந்தால் வகுத்தல் முடிவிலியில் போய் நிற்கும். அந்த இரண்டோடு நேர்கோட்டில் அமையாத மூன்றாவது மானி ஒன்று இருந்தால்தான் kₓ, kᵧ இரண்டையும் தனித்தனியே பிரித்து, அலை எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வந்தது என்று சொல்ல முடியும்.